"அஞ்சு நாள்தான்" என்று சொல்பவரிடம் இன்னும் இரண்டு கேள்விகள்: பெர்ட் மதிப்பீடு ஓர் அறிமுகம்

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிறது. லயன் வீடுகளில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் டவுனை ஒட்டிய தாமான்களுக்குக் குடிபோய்விட்டார்கள். ஆனாலும் கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எது வந்தாலும் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய மண்டபத்துக்குத்தான் எல்லாரும் வருகிறோம். அந்த மண்டபத்தின் தகரக் கூரை துருப்பிடித்து ஓட்டையாகி, மழை பெய்தால் பந்தியில் இலைக்கு ஒரு வாளி வைக்க வேண்டிய நிலை. கூரையை மாற்ற நிர்வாகம் முடிவெடுத்த அதே வாரம், ஒரு குடும்பம் மகள் கல்யாணத்துக்கு மண்டபத்தைக் கேட்டு வந்தது. முகூர்த்தத்துக்கு முன் மிச்சம் இருந்தது 20 வேலை நாள்.

நான் ஒரு கட்டுமானக் குத்தகையாளரிடம் வேலைத் திட்டம் போடுகிறவன். அதனால் ஆலயத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, 20 நாளில முடியுமா முடியாதா, ஒரே வார்த்தையில சொல்லுப்பா" என்றார். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது என்பதுதான் சரியான பதில். ஆனால் அவருக்கு முடிவெடுக்க ஏதாவது வேண்டுமே. அன்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு வேலை எத்தனை நாளில் முடியும் என்று மதிப்பிடும் பெர்ட் என்ற முறை அது. பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் தெரிந்தால் போதும்.

வேலையை ஐந்தாகப் பிரித்தோம். பழைய தகரத்தைக் கழற்றுவது. கழற்றியபின் அடியில் உள்ள இரும்புச் சட்டங்களில் துருப்பிடித்ததை வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டிங் அடிப்பது. ஈப்போவில் அளவு கொடுத்துப் புதுத் தகரம் வரவழைப்பது. அந்தத் தகரத்தைச் சட்டத்தின்மேல் அடிப்பது. கடைசியாக மின்விசிறி, விளக்கு, வயர் எல்லாம் திரும்ப மாட்டிச் சாயம் பூசுவது. இதில் தகரம் வரவழைக்கும் வேலை மட்டும் தனியாக ஓடும். முதல் நாளே ஆர்டர் கொடுத்துவிடலாம், அது வருகிற நேரத்தில் இங்கே கழற்றலும் வெல்டிங்கும் நடக்கும். தகரம் அடிக்கத் தொடங்க வேண்டுமென்றால் சட்டமும் தயாராக இருக்க வேண்டும், தகரமும் வந்திருக்க வேண்டும். இந்த "இரண்டும்" என்ற சொல்லை நினைவில் வையுங்கள், பின்னால் அது வம்பு செய்யப் போகிறது.

ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் என்று செய்கிறவர்களிடம் கேட்டபோது கிடைத்த பதில்கள்: கழற்ற 3, வெல்டிங் 5, தகரம் வர 7, அடிக்க 4, மாட்டிச் சாயம் பூச 3. கழற்றலும் வெல்டிங்கும் சேர்ந்து 8 நாள், அதற்குள் தகரம் வந்துவிடும், பிறகு 4, பிறகு 3. மொத்தம் 15. தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. "20 நாள் இருக்கு, 15 நாள் வேலை, அப்புறம் என்ன?"

தச்சரானாலும் வெல்டரானாலும் "எத்தனை நாள்" என்று கேட்டால் மனதில் முதலில் வருவது வழக்கமாக ஆகிற நாள். பத்துத் தடவை செய்தால் அதிகமாக வந்த எண்ணைச் சொல்கிறார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதிகமாக வரும் எண் வேறு, சராசரி வேறு. 5 நாள் வெல்டிங் எல்லாம் கூடி வந்தால் 3 நாளில் முடியலாம். அதற்குக் கீழே போக வழியில்லை, வேலை என்று ஒன்று இருக்கிறதே. கெட்டுப்போனாலோ 8, 10, 13 என்று நீண்டுகொண்டே போகும். கீழே தரை இருக்கிறது, மேலே கூரை இல்லை. (எங்கள் மண்டபம் மாதிரி.) ஆகவே சராசரி, வழக்க நாளைவிட மேலே தள்ளியே நிற்கும். ஐந்து வேலைகளின் வழக்க நாட்களைக் கூட்டி வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றிலும் விட்டுப்போன அந்தச் சின்னத் தூரம் சேர்ந்து பெரிதாகிவிடும்.

பெர்ட் முறை இதைச் சரிசெய்வதற்காக ஒரு வேலைக்கு மூன்று எண் கேட்கிறது. எல்லாம் நல்லபடி நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், கெட்டுப்போனால் எத்தனை நாள். நம்பிக்கைக் கணக்கு, வழக்கக் கணக்கு, கெட்ட கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். எழுதும்போது முறையே a, m, b. எதிர்பார்க்க வேண்டிய நாளும், அது எவ்வளவு தள்ளாடும் என்பதும் இந்த இரண்டு வரிகளில் கிடைக்கும்:

```
te = (a + 4m + b) / 6
s  = (b - a) / 6
```

te என்பது எதிர்பார்ப்பு நாள். s என்பது திட்ட விலக்கம், அதாவது எதிர்பார்ப்பிலிருந்து முன்னேபின்னே எவ்வளவு விலகக்கூடும் என்பதன் அளவு.

இந்த 4, 6 எங்கிருந்து வந்தன என்று எல்லாரும் கேட்பார்கள். 1958ல் அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணையைச் செய்துகொண்டிருந்தபோது, பூஸ் ஆலன் ஹாமில்டன், லாக்ஹீட் நிறுவனங்களின் ஆட்களோடு சேர்ந்து உருவாக்கிய முறை இது. அதுவரை யாரும் செய்யாத வேலைகள் ஏராளம், பழைய பதிவேட்டைப் புரட்டி நாள் சொல்ல வழியில்லை. பொறியாளர்களிடம் மூன்று எண் கேட்டு, அவை ஒரு பக்கம் சாய்ந்த குன்று வடிவத்தில் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டார்கள். பீட்டா பரவல் என்று அதற்குப் பெயர். வழக்கமான மணி வடிவப் பரவலில் ஏறக்குறைய எல்லாமே நடுவிலிருந்து இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று திட்ட விலக்கத்துக்குள் அடங்கிவிடும், ஆக மொத்தம் ஆறு. அதைப் பார்த்து, நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவே உள்ள தூரத்தில் ஆறில் ஒரு பங்கைத் திட்ட விலக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொண்டால் சராசரி கிட்டத்தட்ட அந்த முதல் வரிக்கு வருகிறது. இது இயற்கை விதி இல்லை, வசதிக்காகச் செய்துகொண்ட ஒரு நல்ல ஏற்பாடு. வழக்க எண்ணுக்கு நான்கு ஓட்டு, ஓரங்களுக்கு ஒவ்வோர் ஓட்டு என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும்.

சூத்திரம் சுலபம். சிரமம் முழுக்க அந்த மூன்று எண்ணைக் கேட்டு வாங்குவதில் இருக்கிறது. புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடும், எனக்கு அது எப்போதும் ஆச்சரியம்.

வெல்டிங் செய்யும் மாமாவை மண்டபத் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டேன். "எத்தனை நாள் மாமா?" "அஞ்சு." "எல்லாம் நல்லா போனா?" "மூணு." "கெட்டுப்போனா?" "ம்... ஆறு. போனா ஏழு." இதை அப்படியே போட்டால் (3 + 20 + 7) ÷ 6, சரியாக 5 நாள். திட்ட விலக்கம் 4 ÷ 6, அதாவது 0.67. பார்க்க அழகான கணக்கு. ஆனால் அந்த ஏழை நான் நம்பவில்லை. முதலில் 5 என்று சொல்லிவிட்டதால் மனம் அதிலேயே கட்டுண்டுவிடுகிறது. அதற்குப் பிறகு கேட்கும் எண்களெல்லாம் அந்த ஐந்தைச் சுற்றியே வரும். ஒன்று கூட்டி, ஒன்று குறைத்துச் சொல்வார்கள்.

கேள்வியை மாற்றினேன். "கடைசியா இந்த மாதிரி வேலை எங்க மாமா ரொம்ப இழுத்துச்சு?" மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு தமிழ்ப்பள்ளிக் கூரையில் தகரத்தைக் கழற்றிப் பார்த்தால் வெளியே தெரிந்ததைவிட இரண்டு மடங்கு சட்டம் உளுத்துப்போயிருந்ததாம். கூடுதல் இரும்பு எடுக்க ஈப்போவுக்கு ஆள் அனுப்பி, அது வர இரண்டு நாள். அந்த வாரம் பார்த்துத் தினமும் மதியம் மூன்று மணிக்கு மழை. நனைந்த இரும்பில் நின்றுகொண்டு வெல்டிங் அடிக்க முடியுமா? பாதி நாள் பாதி நாளாகப் போய், "அது பன்னெண்டு, பதிமூணு நாள் ஆச்சு தம்பி." இங்கேயும் அது நடக்கலாமா என்றேன். மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏன் நடக்காது?" என்றார்.

ஆக b என்பது 13. இப்போது (3 + 20 + 13) ÷ 6 = 6 நாள். திட்ட விலக்கம் 10 ÷ 6 = 1.67. ஒரே ஆள், ஒரே வேலை. கேட்ட விதம் மாறியதில் எதிர்பார்ப்பு ஒரு நாள் கூடியது, தள்ளாட்டம் இரண்டரை மடங்கானது. இதற்குப் பிறகு நான் யாரிடமும் வழக்க எண்ணை முதலில் கேட்பதில்லை. கெட்ட நாள் எப்படிக் கெட்டது என்று கதை கேட்பேன், பிறகு நல்ல நாள், வழக்க நாள் கடைசியில்.

கெட்ட கணக்குக்கு எல்லையும் உண்டு. வெள்ளம் வந்து பாலம் உடைந்தது, கிரேன் கவிழ்ந்தது போன்றவை இதில் சேராது. நூறு தடவை செய்தால் ஒரு தடவை இப்படி ஆகும் என்று நியாயமாகச் சொல்லக்கூடிய கெட்டதுதான் b. நல்ல கணக்கும் அதே மாதிரி, நூற்றில் ஒரு தடவை கிடைக்கும் அதிர்ஷ்டம். உங்கள் பட்டியலில் எல்லா வேலைக்கும் 4, 5, 6 அல்லது 2, 3, 4 என்று இரண்டு பக்கமும் சமமாக எண்கள் நின்றால், யாரும் யோசித்துச் சொல்லவில்லை என்று சந்தேகப்படலாம். சில வேலைகள் உண்மையிலேயே அப்படி இருக்கும், ஆனால் எல்லாமே அப்படி இருக்காது.

மற்ற வேலைகளுக்கும் இதே மாதிரி கேட்டோம். கழற்றுவது 2, 3, 4. இது உண்மையிலேயே சமமான வேலை, ஆளும் ஏணியும் இருந்தால் போதும். எதிர்பார்ப்பு 3, திட்ட விலக்கம் 0.33. தகரம் வரவழைப்பது 5, 7, 15. அந்தப் பதினைந்துக்குக் காரணம் தகரக் கடை இல்லை, நாங்கள்தான். கோயில் காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும், பொருளாளர் அடிக்கடி வெளியூர் போய்விடுவார். எதிர்பார்ப்பு 48 ÷ 6 = 8, திட்ட விலக்கம் 1.67. தகரம் அடிப்பது 3, 4, 11. மழையும் உண்டு, இரண்டு பேரில் ஒருவர் நடுவில் வேறு இடத்து வேலைக்குப் போய்விடும் வழக்கமும் உண்டு. எதிர்பார்ப்பு 30 ÷ 6 = 5, திட்ட விலக்கம் 1.33. மாட்டிச் சாயம் பூசுவது கூரைக்குக் கீழே நடக்கும் வேலை, 2, 3, 4. எதிர்பார்ப்பு 3, திட்ட விலக்கம் 0.33.

இப்போது பாதையைப் பார்ப்போம். கழற்றல் 3, வெல்டிங் 6, ஆக 9 நாள். தகரம் வருவது 8 நாள். 9 தான் நீளம், அதனால் கழற்றல், வெல்டிங், அடித்தல், மாட்டல் என்று போகும் பாதையே வேலையின் மொத்த நாளைத் தீர்மானிக்கிறது. இதைக் கிரிட்டிக்கல் பாதை என்பார்கள். 3 + 6 + 5 + 3 = 17 நாள். தலைவர் கையில் வைத்திருந்த 15 இப்போது 17. யாரும் எண்ணை ஊதிப் பெருக்கவில்லை, கெட்ட நாட்களுக்கும் ஓர் ஓட்டு கொடுத்ததால் வந்த இரண்டு நாள்.

அடுத்து, மொத்தத்தின் தள்ளாட்டம். இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். நான்கு வேலைகளின் திட்ட விலக்கங்களை அப்படியே கூட்டக் கூடாது. ஒரு வேலை இழுத்தால் இன்னொன்று சீக்கிரம் முடிந்து கொஞ்சம் ஈடுகட்டும், நான்கும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அபூர்வம். அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி, கடைசியில் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 0.11 + 2.78 + 1.78 + 0.11 = 4.78. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.19 நாள். பாருங்கள், கழற்றலும் மாட்டலும் இந்தக் கூட்டலில் இருக்கிற இடமே தெரியவில்லை. மொத்தத் தள்ளாட்டமும் வெல்டிங்கிலும் தகரம் அடிப்பதிலும் உட்கார்ந்திருக்கிறது. கவலைப்படுவதாக இருந்தால் அந்த இரண்டுக்கும் படலாம்.

எதிர்பார்ப்பு 17, திட்ட விலக்கம் 2.19 என்று ஆனபிறகு, தலைவர் கேட்ட கேள்விக்கு வரலாம். பல வேலைகளின் கூட்டுத்தொகை மணி வடிவப் பரவலுக்கு நெருங்கி வரும் என்பது புள்ளியியலில் தெரிந்த விஷயம். நான்கு வேலைக்கு அது தோராயம்தான், ஆனாலும் உதவும். 20 நாள் என்பது 17லிருந்து 3 நாள் தள்ளி இருக்கிறது. 3 ÷ 2.19 = 1.37 திட்ட விலக்கம். மணி வடிவப் பரவலுக்கான அட்டவணையில் பார்த்தால் அதற்குள் முடிய 91 விழுக்காடு வாய்ப்பு. அட்டவணை இல்லையென்றால் எக்ஸெலில் இதைத் தட்டினாலே போதும்:

```
=NORM.DIST(20, 17, 2.19, TRUE)
```

20க்குப் பதில் 15 போட்டுப் பார்த்தேன். விடை 0.18. எல்லாரும் கையடித்துச் சொன்ன அந்தப் 15 நாளுக்குள் முடிய வாய்ப்பு 18 விழுக்காடு, ஐந்து தடவையில் ஒரு தடவைகூட இல்லை. "அப்ப அஞ்சு பேரும் பொய் சொன்னாங்களா?" என்றார் தலைவர். இல்லை. ஒவ்வொருவரும் தன் வேலைக்கு உண்மையைத்தான் சொன்னார்கள். அவற்றைக் கூட்டியதில்தான் தப்பு.

91 விழுக்காடு என்றதும் தலைவர் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டார், பெண்வீட்டாருக்குச் சொல்ல. கொஞ்சம் பொறுங்கள் என்றேன். இந்த 91 ஒரு சுத்தமான எண் இல்லை, அதற்குள் இரண்டு ஓட்டை இருக்கிறது.

ஒன்று, அந்த "இரண்டும்". வெல்டிங் பாதை 9 நாள், தகரப் பாதை 8 நாள். நாம் நீளமானதை மட்டும் எடுத்துக்கொண்டு சின்னதை மறந்துவிட்டோம். ஆனால் 8க்கும் 9க்கும் ஒரு நாள்தான் வித்தியாசம், இரண்டும் தள்ளாடுகிறவை. ஒன்பதாம் நாள் மாலைக்குள் சட்டம் தயாராக இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. அதே ஒன்பதாம் நாளுக்குள் தகரம் வந்திருக்க வாய்ப்பு சுமார் 73 விழுக்காடு. இரண்டும் தயாராக இருக்க வாய்ப்பு? 0.5 × 0.73, சுமார் 36 விழுக்காடுதான். இரண்டு நண்பர்கள் சேர்ந்து பஸ் ஏற வேண்டுமென்றால் தாமதமாக வருகிறவருக்குத்தான் பஸ் காத்திருக்கும், சீக்கிரம் வந்தவரால் ஒரு லாபமும் இல்லை. பாதைகள் சந்திக்கும் இடத்தில் எப்போதும் இதுதான் கதை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டும் தயாராகும் நாளின் உண்மையான சராசரி 9 இல்லை, ஏறக்குறைய 9.5. மொத்தம் 17.5. பதினேழு நாளுக்குள் முடிய வாய்ப்பு 50 என்று இருந்தது, 40 அளவுக்கு இறங்கிவிடுகிறது. 20 நாளுக்கான 91, சுமார் 89 ஆகிறது. இந்த அளவு சேதம் தாங்கலாம். ஆனால் பெரிய திட்டத்தில் பத்துப் பாதைகள் ஒரு இடத்தில் சேர்ந்தால் தாங்காது. பெர்ட் எப்போதும் நாளைக் குறைத்தே சொல்லும் என்ற பழைய புகார் இங்கிருந்துதான் வருகிறது.

இன்னொன்று, மழை. திட்ட விலக்கங்களை வர்க்கமாக்கிக் கூட்டியபோது ஒரு வேலை இழுத்தால் இன்னொன்று ஈடுகட்டும் என்றோம். அதாவது ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை என்று வைத்துக்கொண்டோம். ஆனால் வெல்டிங்கைக் கெடுக்கும் அதே மதிய மழைதான் தகரம் அடிப்பதையும் கெடுக்கும். மழைக்காலமாக வாய்த்தால் இரண்டும் சேர்ந்தே இழுக்கும், ஈடுகட்ட ஆள் இல்லை. மிக மோசமான நிலையை வைத்துப் பார்க்கலாம், எல்லா வேலையும் ஒன்றாகவே ஆடுகிறது என்று. அப்போது திட்ட விலக்கங்களை நேரடியாகவே கூட்டலாம். 0.33 + 1.67 + 1.33 + 0.33 = 3.67. இருபது நாளுக்குள் முடிய வாய்ப்பு 3 ÷ 3.67 = 0.82 என்ற இடத்தில், 79 விழுக்காடு. உண்மை 79க்கும் 89க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. தலைவரிடம் "பத்தில் எட்டு, ஒன்பது தடவை முடியும்" என்றுதான் சொன்னேன். 91 என்று சொன்னால் அந்த ஒன்றுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

பெண்வீட்டாரிடமும் அதையே சொன்னார்கள். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள், ஒரு நிபந்தனையோடு. நடுவில் ஒரு நாள் பார்த்துவிட்டு, நிலைமை மோசம் என்றால் டவுன் மண்டபத்துக்கு மாறிக்கொள்வார்கள்.

வேலை தொடங்கியது. கழற்றல் சொன்னபடி 3 நாள். வெல்டிங் 8 நாள் எடுத்தது, மாமா பயந்த உளுத்த சட்டம் இங்கேயும் இருந்தது. தகரம் ஒன்பதாம் நாள் வந்து வாசலில் படுத்திருந்தது. பதினொன்றாம் நாள் மாலையில்தான் இரண்டும் தயார். இனி முடிந்ததற்குத் தள்ளாட்டம் கிடையாது, மிச்சம் இருப்பதற்கு மட்டும்தான். 11 + 5 + 3 = 19. மிச்ச இரண்டு வேலையின் திட்ட விலக்கம், 1.78 + 0.11 = 1.89ன் வர்க்கமூலம், 1.37. இருபதுக்குள் முடிய 1 ÷ 1.37 = 0.73, சுமார் 77 விழுக்காடு. பத்தில் எட்டுக்கும் கீழே வந்துவிட்டது.

நிர்வாகத்தில் கொஞ்சம் பணம் மிச்சம் இருந்தது. அதை எதில் போடுவது என்று பேச்சு வந்தது. ஒருவர், தகரம் அடிக்க இன்னோர் ஆள் சேர்ப்போம், நாலு நாள் வேலை மூன்று நாளில் முடியும் என்றார். இன்னொருவர், ஆள் சேர்க்க வேண்டாம், இருக்கிற இரண்டு பேருக்கும் கொஞ்சம் கூடக் கொடுத்து வேறெங்கும் போகாமல் பார்த்துக்கொள்வோம், மழைக்கு முன்னால் வேலை ஓடக் காலை ஏழு மணிக்கே ஏறச் சொல்வோம் என்றார். வழக்க நாள் மாறாது, ஆனால் கெட்டுப்போனாலும் 7 நாளைத் தாண்டாது. நோட்டைத் திறந்தேன். முதல் யோசனைப்படி 3, 3, 11: (3 + 12 + 11) ÷ 6 = 4.33. இரண்டாவதின்படி 3, 4, 7: (3 + 16 + 7) ÷ 6 = 4.33. எதிர்பார்ப்பு இரண்டிலும் ஒன்றே! ஆனால் திட்ட விலக்கம் முதலாவதில் அதே 1.33, இரண்டாவதில் 0.67. மாட்டல் வேலையையும் சேர்த்து 20 நாளுக்குள் முடிய வாய்ப்பு முதல் யோசனையில் 89 விழுக்காடு, இரண்டாவதில் 98க்கு மேல். ஒரே எண் கேட்டிருந்தால், 4 நாளை 3 ஆக்கும் முதல் யோசனைதான் நல்லது என்று எல்லாரும் கை தூக்கியிருப்போம்.

இரண்டாவதைச் செய்தோம். இரண்டு மதியம் மழை பெய்தது, தகரம் அடிக்க 5 நாள் ஆனது. பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் விசிறிகள் ஓடின. இருபதாம் நாள் முழுக்க மண்டபத்தைக் கழுவினோம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஆன நாளை எழுதி வைத்திருக்கிறேன்: 3, 8, 9, 5, 3. தகரத்தின் 9க்குப் பக்கத்தில் "காசோலை, இரண்டு நாள்" என்று ஒரு குறிப்பு. அடுத்து கோயில் மதில் வேலை வருகிறது. வெல்டிங் மாமாவிடம் இந்தத் தடவை கதை கேட்க வேண்டியதில்லை, கதை நோட்டிலேயே இருக்கிறது.